அதிகாலை ஆட்டத்திற்கு முந்தைய உணவு: எதை, எப்போது உண்பது?

தோவாளை வட்டாரத்தில் விடுமுறை நாள் கால்பந்து ஆட்டங்கள் வெயில் ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிடுவது உண்டு. ஆட்டம் காலை 6.30 மணிக்கு என்றால், விளையாடுபவர் அதற்கு முன் என்ன உண்பது என்ற கேள்வி வீட்டில் எழுகிறது. ஒரு வீட்டில் வெறும் வயிற்றோடு அனுப்புகின்றனர். மற்றொரு வீட்டில் ஐந்தரை மணிக்கே புட்டும் பயறும் பப்படமும் வயிறு நிறையக் கொடுத்து அனுப்புகின்றனர். இவ்விரண்டுமே சிக்கலைத் தரக்கூடியவை. பொழுதுபோக்காக விளையாடும் இளைஞர்களுக்கும், நீரிழிவு முதலிய நோய்களுக்கு மருந்து எடுத்துக்கொண்டே விளையாடுபவர்களுக்கும், அவர்களுக்கு உணவு ஆயத்தம் செய்யும் குடும்பத்தினருக்கும் இவ்விளக்கம் எழுதப்பட்டுள்ளது.

முதலில் அறிய வேண்டியது ஒன்றே. அதிகாலை ஆட்டத்திற்கான முதன்மையான உணவு முந்தைய நாள் இரவு உணவே ஆகும். காலையில் உண்பது இரவில் குறைந்துபோன சிறு பகுதியை ஈடுசெய்வதற்கு மட்டுமே. இதன் காரணம் புரிந்துவிட்டால், எவ்வளவு, எப்போது என்ற கேள்விகளுக்கு விடை எளிதாகக் கிடைக்கும்.

உறக்கத்தின்போது உடலில் நடப்பது

சோறு, இட்லி, கிழங்கு, பழம், சர்க்கரை ஆகிய அனைத்திலும் உள்ள மாவுச்சத்து செரிமானத்திற்குப் பின் பெரும்பாலும் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. உடனடித் தேவைக்கு மிஞ்சியது கிளைகோஜன் என்னும் வடிவில் இரண்டு இடங்களில் சேமிக்கப்படுகிறது. ஒன்று தசை. மற்றொன்று கல்லீரல். வளர்ந்தவர் ஒருவரின் தசைகளில் ஏறக்குறைய 300 முதல் 500 கிராம் வரையிலும், கல்லீரலில் 80 முதல் 100 கிராம் வரையிலும் இது இருக்கும்.

இவ்விரு சேமிப்புகளும் வெவ்வேறு முறையில் செலவாகின்றன. தசையில் உள்ளது அந்தத் தசையின் பயன்பாட்டிற்கு மட்டுமே உரியது. அதை மீண்டும் குளுக்கோஸாக இரத்தத்தில் விடுவதற்கு வேண்டிய நொதி தசையில் இல்லை. கல்லீரலில் உள்ளதோ உடல் முழுமைக்கும், குறிப்பாக மூளைக்கும், பொதுவானது. நாம் உறங்கும்போது தசைகள் ஓய்ந்திருப்பதால் அவற்றின் சேமிப்பு பெரும்பாலும் குறைவதில்லை. ஆனால் மூளை உறங்குவதில்லை. அதன் தேவையை இரவு முழுவதும் கல்லீரலே நிறைவு செய்கிறது. இரவு எட்டு மணிக்கு உண்டவர் காலையில் எழும்போது கல்லீரலின் சேமிப்பில் பாதியோ அதற்கு மேலோ தீர்ந்திருக்கும்.

எனவே அதிகாலையில் ஆடுகளத்தில் இறங்குபவரின் கால்கள் முந்தைய நாள் உணவில் ஓடுகின்றன. அவருடைய தலை தெளிவாக இருப்பதோ அன்று காலை எடுத்துக்கொண்ட சிறிதளவு உணவைப் பொறுத்தது. கால், தலை என்னும் இப்பிரிவு முற்றிலும் துல்லியமானது அன்று. எனினும் உணவில் எங்கே குறை நேர்ந்தது என்று கண்டறிய இது நன்கு பயன்படும் என்பதால், பின்னர் மீண்டும் இதைக் காண்போம்.

முந்தைய இரவு

தசைச் சேமிப்பு குறைந்த நிலையில் ஆட்டத்தைத் தொடங்கினால் என்ன நேரும் என்பதை ஸ்வீடனைச் சேர்ந்த உடலியல் அறிஞர் பெங்ட் சால்டின் 1973ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. முந்தைய நாள் கடும் பயிற்சி செய்து, தசைச் சேமிப்பு பாதியாகக் குறைந்த நிலையில் களமிறங்கிய கால்பந்து வீரர்கள், நிறைந்த சேமிப்போடு வந்தவர்களைவிடக் குறைந்த தொலைவே ஓடினர். அவர்கள் கடந்த தொலைவில் ஏறக்குறைய பாதி நடையாகவே இருந்தது. ஆட்டத்தின் இடைவேளைக்குள்ளாகவே அவர்களின் தசைச் சேமிப்பு ஏறத்தாழ முழுவதும் தீர்ந்துவிட்டது. காலையில் என்ன உண்டாலும் இக்குறையைச் சரிசெய்ய இயலாது. உண்டது செரித்து, குளுக்கோஸாகி, தசையில் சேமிப்பாக மாறுவதற்குப் பல மணி நேரம் தேவை.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். தோவாளையில் வசிக்கும் 60 கிலோ எடையுள்ள, நோய் எதுவும் இல்லாத இளைஞர் ஒருவருக்கு மறுநாள் காலை 6.30 மணிக்கு ஆட்டம். அவர் முந்தைய நாள் முழுவதிலும் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவிற்கும் 5 முதல் 6 கிராம் வரை, அதாவது 300 முதல் 360 கிராம் வரை மாவுச்சத்து பெற்றால் போதும். தொழில்முறை வீரர்களுக்கு இதைவிடக் கூடுதலான அளவு பரிந்துரைக்கப்படுகிறது. வாரத்தில் ஒருநாள் மட்டும், அதிலும் 90 நிமிடத்திற்குக் குறைவாக விளையாடுபவர் அந்த அளவைப் பின்பற்ற வேண்டியதில்லை. மூன்று வேளையும் சோறும் இட்லியும் உண்ணும் வீடுகளில் 300 கிராம் என்பது இயல்பாகவே கிடைக்கும் அளவுதான்.

இதில் மூன்றில் ஒரு பங்கு இரவு உணவில் இருக்கட்டும். வேகவைத்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து உள்ளது. 300 கிராம் சோறு, அதாவது வீட்டில் புழங்கும் நடுத்தரக் கிண்ணத்தில் இரண்டு கிண்ணம், 84 கிராம் தரும். உண்டபின் ஓர் ஏத்தன் பழம் எடுத்துக்கொண்டால் மேலும் ஏறக்குறைய 30 கிராம். இரண்டும் சேர்ந்து தேவை நிறைவாகிறது. உடன் ரசமோ, தேங்காய் குறைவாக அரைத்த மீன் குழம்போ, ஒரு கூட்டோ இருக்கலாம். அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீனும் விரும்புபவர்கள் அதையே உண்ணலாம். கிழங்கில் மாவுச்சத்து சோற்றைவிடக் கூடுதலாகவே உள்ளது.

உணவின் அளவைப் போலவே அதை உண்ணும் நேரமும் முக்கியம். இரவு எட்டு மணிக்குள் உண்டு முடிப்பது நல்லது. முந்தைய நாள் மாலை நண்பர்கள் கூடி, ஆட்டத்தைப் பற்றிப் பேசி, இரவு பத்தரை மணிக்குப் பரோட்டாவும் மாட்டிறைச்சி வறுவலும் உண்டு வீடு திரும்பும் வழக்கம் பலருக்கு உள்ளது. பரோட்டாவில் மாவுச்சத்து இருப்பது உண்மையே. ஆனால் அதிலுள்ள எண்ணெயும் வறுவலிலுள்ள கொழுப்பும் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. படுத்தபின் நெஞ்செரிச்சல் உண்டாகி உறக்கம் கெடுகிறது. காலையில் வயிறு கனமாக இருப்பதால் எதையும் உண்ண மனம் வருவதில்லை. அதனால் வெறும் வயிற்றோடு களத்திற்குச் செல்ல நேர்கிறது. காலை உணவைத் தவிர்ப்பதற்கு, காலையில் பசியில்லை என்பதையே பலரும் காரணமாகக் கூறுகின்றனர். விசாரித்துப் பார்த்தால் அதன் காரணம் பெரும்பாலும் முந்தைய இரவில்தான் இருக்கும்.

காலை ஐந்து மணி

விளையாட்டு ஊட்டச்சத்து நூல்களில் ஆட்டத்திற்கு மூன்று அல்லது நான்கு மணி நேரத்திற்கு முன் முழு உணவு உண்ண வேண்டும் என்று கூறப்பட்டிருக்கும். மாலை ஆட்டத்திற்கு அது பொருந்தும். 6.30 மணி ஆட்டத்திற்கு அதை அப்படியே பின்பற்றினால் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து உண்ண வேண்டியிருக்கும். அவ்வாறு செய்ய வேண்டாம். இரவு நன்றாக உண்டவருக்கு, காலை உணவினால் கிடைக்கும் சிறு நன்மையைவிட இரண்டு மணி நேர உறக்கத்தை இழப்பதால் உண்டாகும் தீங்கே பெரிது.

நம் எடுத்துக்காட்டில் உள்ள இளைஞர் காலை 4.45 மணிக்கு எழுந்து, ஐந்து மணி அளவில் 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ள எளிய உணவை உண்டால் போதும். ஆட்டத்திற்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கும். மூன்று சிறிய இட்லிகள் ஏறக்குறைய 30 கிராம் தரும். இரண்டு தேக்கரண்டி சர்க்கரையோ கருப்பட்டியோ இட்ட காப்பி அல்லது தேநீர் மேலும் 10 கிராம் தரும். இட்லிக்குச் சிறிதளவு சர்க்கரையோ நீர்த்த சாம்பாரோ போதும். தேங்காய்ச் சட்னியும் மிளகாய்ப்பொடி எண்ணெயும் அன்று வேண்டாம். இட்லி இல்லையெனில் ஆவியில் அவித்த ஏத்தன் பழம் ஒன்றும் இனிப்பிட்ட காப்பியும் அதே அளவைத் தரும். அவ்வளவு காலையில் எதையும் மெல்ல முடியாதவர்கள் உப்பும் சிறிது சர்க்கரையும் சேர்த்த நீர்த்த அரிசிக் கஞ்சியைக் குடிக்கலாம்.

எழுந்தவுடன் 300 முதல் 400 மில்லி லிட்டர் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பருக வேண்டும். புறப்படுவதற்கு முன் கழியும் சிறுநீர் வெளிர்மஞ்சள் நிறத்தில் இருந்தால் உடலில் நீர் போதுமான அளவு உள்ளது. அடர்மஞ்சளாக இருந்தால் மேலும் ஒரு குவளை அருந்தலாம்.

இந்த நேரத்தில் புட்டும் கடலைக்கறியும் ஏன் பொருந்தாது? புட்டு மாவு நல்ல உணவே. ஆனால் அதில் சேரும் தேங்காய்த் துருவலின் கொழுப்பும், கடலை அல்லது பயறின் நார்ச்சத்தும் இரைப்பையில் நெடுநேரம் தங்குகின்றன. ஓடத் தொடங்கியவுடன் உடல் இரத்த ஓட்டத்தைக் குடலிலிருந்து கால் தசைகளுக்குத் திருப்புகிறது. அதனால் செரிமானம் ஏறத்தாழ நின்றுவிடுகிறது. விலாப் பக்கத்தில் பிடிப்பு, குமட்டல், வாந்தி ஆகியவை இதன் விளைவுகள். அதே புட்டை ஆட்டம் முடிந்து வீடு திரும்பியபின் எட்டரை மணிக்கு உண்டால், தீர்ந்த சேமிப்பை நிரப்பவும் தசையைச் சீராக்கவும் அதைவிடப் பொருத்தமான உணவு வேறொன்றைத் தேட வேண்டியதில்லை. உணவில் குறை ஏதும் இல்லை. அதை உண்ணும் நேரம் மட்டுமே மாற வேண்டும்.

ஆட்டத்திற்கு முந்தைய அரை மணி நேரம்

ஐந்து மணிக்கு உண்ணாமல் விட்டவர்கள் ஆறு மணிக்கு ஆடுகளத்தின் ஓரத்தில் நின்று குளிர்பானமோ குளுக்கோஸ் கரைசலோ குடிப்பதைக் காணலாம். இதில் ஒரு நுட்பம் உள்ளது. ஆட்டத்திற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்திற்கு முன் அதிக அளவில் சர்க்கரை உட்கொண்டால், இரத்தத்தில் இன்சுலின் உயர்ந்திருக்கும் நேரத்தில் ஓட்டம் தொடங்குகிறது. இன்சுலினும் ஓட்டமும் ஒருசேர குளுக்கோஸை இரத்தத்திலிருந்து இழுப்பதால், சிலருக்கு முதல் 15 அல்லது 20 நிமிடங்களில் தலை லேசாவது, கை நடுங்குவது, வியர்ப்பது போன்றவை ஏற்படும். பெரும்பாலோருக்கு இது நேர்வதில்லை. நேர்ந்தாலும் விரைவில் தானாகவே சரியாகிவிடும். எனினும் இதற்கு முன் அவ்வாறு உணர்ந்தவர்கள், அந்த இடைவெளியில் இனிப்பைத் தவிர்த்து, உடலைச் சூடேற்றும் பயிற்சி முடிந்து களத்திற்குள் நுழையும் முன், ஐந்து அல்லது பத்து நிமிடம் இருக்கும்போது எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் ஓட்டம் தொடங்கிவிடுவதால் இன்சுலின் அந்த அளவிற்கு உயர்வதில்லை.

இதற்கு நம் மாவட்டத்தின் மட்டிப் பழம் மிகவும் ஏற்றது. 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற இப்பழம் சிறியது, மென்மையானது, நார் குறைந்தது. குழந்தைகளுக்கு முதல் உணவாகக் கொடுக்கும் அளவிற்கு எளிதில் செரிப்பது. களமிறங்கும் முன் ஒன்று, இடைவேளையில் ஒன்று அல்லது இரண்டு, உடன் சில மடக்குத் தண்ணீர் என்பது பெரும்பாலோருக்குப் போதுமானது. கடைகளில் விற்கும் ஆற்றல் பானங்கள் இதற்குத் தேவையில்லை. நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மட்டும் வாழைப்பழமும் இளநீரும் பொருந்தாமல் போகலாம். அவற்றிலுள்ள பொட்டாசியம் உடலில் தங்கிவிடும் என்பதால், அவர்கள் தம் மருத்துவரைக் கேட்டபின்னரே உண்ண வேண்டும்.

பூச்சந்தையிலிருந்து நேராக வருபவர்கள்

தோவாளைக்கே உரிய ஒரு நிலையையும் இங்கே கூற வேண்டும். இவ்வூரின் பூச்சந்தை விடியலுக்கு முன்பே கூடிவிடுவது. பூக் கொண்டுவருபவர்களும் மூட்டை இறக்குபவர்களும் பலர் இரவு இரண்டு மணிக்கே எழுகின்றனர். அவர்களுள் இளைஞர் ஒருவர் சந்தை வேலையை முடித்துவிட்டு நேராக ஆடுகளத்திற்கு வந்தால், மேலே கூறிய கணக்கு அவருக்குப் பொருந்தாது. மற்றவர்கள் உறங்கிய மூன்று மணி நேரம் அவர் சுமை தூக்கியிருக்கிறார். கல்லீரலின் சேமிப்பு மேலும் குறைந்திருப்பதோடு, தசைச் சேமிப்பிலும் ஒரு பகுதி செலவாகியிருக்கும்.

இத்தகையவர்கள் இரவு உணவை ஏழு மணிக்கே முடித்துவிட்டு விரைவில் உறங்கச் செல்வது நல்லது. எழுந்தவுடன், வேலைக்கு முன், ஓர் ஏத்தன் பழமோ இரண்டு இட்லியோ உண்ண வேண்டும். ஐந்து மணி அளவில் சந்தையிலேயே மீண்டும் ஒருமுறை 30 முதல் 60 கிராம் அளவு உணவு வேண்டும். பொதுவாக அந்த நேரத்தில் கிடைப்பது தேநீரும் வடையும்தான். தேநீரில் உள்ள சர்க்கரை பயன் தரும். வடை பயன் தராது. அது பருப்பும் எண்ணெயும் மட்டுமே கொண்டது. ஆட்டம் முடியும்வரை வயிற்றிலேயே இருக்கும். வீட்டிலிருந்து மூன்று இட்லியைப் பொதிந்து கொடுத்தனுப்புவது குடும்பத்தினர் செய்யக்கூடிய எளிய உதவி. உணவினால் ஈடுசெய்ய முடியாத ஒன்று உறக்கக் குறைவு. நான்கு மணி நேரமே உறங்கியவர் முழு ஆட்டமும் ஆடுவதைவிட ஒரு பாதி மட்டும் ஆடுவதே அறிவுடைமை.

குறை எங்கே என்று அறிவது

ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் தலை தெளிவாக இருக்க, கால்கள் மட்டும் கனத்து வேகம் எடுக்க இயலாமல் போனால், முந்தைய நாள் உணவு போதவில்லை என்று கருதலாம். முந்தைய நாள் கடும் பயிற்சியோ உடலுழைப்போ செய்திருந்தாலும் இவ்வாறே நேரும். மாறாக, ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே தலை லேசாகி, எரிச்சலும் கவனக்குறைவும் தோன்றி, எளிதான பந்துகளைத் தவறவிட்டால், காலை உணவைத் தவிர்த்தது அல்லது தவறான நேரத்தில் இனிப்பு உண்டது காரணமாக இருக்கலாம். விலாப் பிடிப்பும் குமட்டலும் இருந்தால், உணவு மிகத் தாமதமாக உண்ணப்பட்டது அல்லது அதில் எண்ணெயோ நாரோ மிகுந்திருந்தது. நீரிழப்பும் வெயிலும் இதே அறிகுறிகளைத் தரக்கூடும் என்பதால் ஒருமுறை நேர்ந்ததை வைத்து முடிவு செய்ய வேண்டாம். இரவு உண்ட நேரம், காலை உண்ட நேரம், ஆட்டத்தில் உணர்ந்தது ஆகிய மூன்றையும் நான்கைந்து ஆட்டங்களுக்கு ஒரு தாளில் குறித்துவந்தால் அவரவர் உடலின் போக்கு தெரிந்துவிடும். புதிய உணவு எதையும் முதன்முதலில் ஆட்ட நாளில் சோதிக்காமல் பயிற்சி நாளில் உண்டு பார்ப்பது நல்லது.

ஓர் எச்சரிக்கை. நாற்பது வயதைக் கடந்தவர்கள் விளையாடும்போது நெஞ்சில் அழுத்தம், மேல்வயிற்றில் எரிச்சல், இடது கை அல்லது தாடையில் வலி, வழக்கத்திற்கு மாறான மூச்சிரைப்பு ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால், அது காலையில் உண்டதால் வந்த வாயுத் தொல்லை என்று எண்ணி ஆட்டத்தைத் தொடரக் கூடாது. மாரடைப்பின் அறிகுறியும் இவ்வாறே இருக்கும். உடனே அமரச் செய்து 108 எண்ணை அழைக்க வேண்டும். சோடாவோ இஞ்சிச் சாறோ கொடுத்துக் காத்திருக்கும் அரை மணி நேரம் உயிரிழப்பிற்குக் காரணமாகக்கூடும்.

நீரிழிவு உள்ளவர்கள் விளையாடும்போது

இதுவரை கூறிய அளவுகள் நீரிழிவு இல்லாதவர்களுக்கானவை. நீரிழிவு உள்ளவர்களுக்கு அவற்றை அப்படியே கொள்ளக் கூடாது. எந்த மருந்து எடுக்கிறார் என்பதைப் பொறுத்தே அவர்களுடைய உணவு அமைய வேண்டும்.

இரண்டாம் வகை நீரிழிவிற்கு மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு, விளையாடும்போது இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவிற்குத் தாழ்வது அரிது. இவர்கள் முந்தைய இரவு கூடுதலாகச் சோறு உண்ண வேண்டியதில்லை. வழக்கமான இரவு உணவும், காலையில் ஓர் இட்லியோ இரண்டு இட்லியோ போதும். ஆனால் கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. காலையில் வழக்கப்படி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, உணவை ஆட்டம் முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று செல்வது ஆபத்தானது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் மாத்திரைகளை வீட்டிலேயே பெறுபவர்கள், அவற்றில் இவ்வகை மாத்திரை உள்ளதா, ஆட்ட நாளில் அதை எப்போது எடுப்பது என்பதைச் சுகாதாரப் பணியாளர் வழியாகவோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ முன்னரே கேட்டு அறிந்துகொள்ள வேண்டும். தாமாகவே மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

முதல் வகை நீரிழிவு உள்ள இளைஞர்கள் விளையாடுவதற்குத் தடையில்லை. ஆனால் ஆட்டத்திற்கு முன் இரத்தச் சர்க்கரையை அளந்து பார்க்காமல் களமிறங்கக் கூடாது. எழுந்தவுடன் ஒருமுறையும், ஆட்டத்திற்குச் சற்று முன் ஒருமுறையும் அளக்க வேண்டும். அளவு 90 மில்லி கிராமிற்குக் கீழே இருந்தால் 10 முதல் 20 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு, 90ஐத் தாண்டும்வரை காத்திருக்க வேண்டும். 126 முதல் 180 வரை இருப்பது விளையாடத் தொடங்க ஏற்ற நிலை. 250ஐத் தாண்டியிருந்தால் கீட்டோன் சோதனை செய்ய வேண்டும். கீட்டோன் கூடியிருந்தாலோ உடல்நலம் குன்றியிருந்தாலோ அன்று விளையாடக் கூடாது. முந்தைய 24 மணி நேரத்திற்குள் பிறர் உதவி தேவைப்படும் அளவிற்குச் சர்க்கரை தாழ்ந்திருந்தாலும் அன்று விளையாடுவதைத் தவிர்க்க வேண்டும்.

ஐந்து மணி உணவிற்கு வழக்கமான அளவு இன்சுலினைப் போட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரத்தில் ஓடத் தொடங்கினால், இன்சுலின் உச்சத்தில் இருக்கும்போது ஆட்டம் நடக்கும். ஆகவே அந்த வேளை இன்சுலினைக் குறைக்க வேண்டியிருக்கும். எவ்வளவு குறைப்பது என்பது ஒவ்வொருவருக்கும் வேறுபடுவதால், அதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். வேகமாக ஓடி நிற்கும் ஆட்டங்களில் ஆட்டம் முடிந்தவுடன் சர்க்கரை உயர்ந்து காணப்படுவதும் உண்டு. அதைக் கண்டு அஞ்சி உடனே கூடுதல் இன்சுலின் போட்டால் பின்னர் அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். தசைகள் இழந்த கிளைகோஜனை நாள் முழுவதும் இரத்தத்திலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் காலையில் ஆடியவருக்கு அன்று இரவு உறக்கத்திலும் சர்க்கரை தாழக்கூடும். படுக்கும் முன் ஒருமுறை அளப்பதை வீட்டிலுள்ளவர்கள் நினைவூட்ட வேண்டும்.

களத்தில் ஒருவருக்கு நடுக்கம், குளிர்ந்த வியர்வை, குழப்பமான பேச்சு, தள்ளாட்டம் தோன்றினால் சர்க்கரை தாழ்ந்திருப்பதாகவே கொண்டு செயல்பட வேண்டும். அளவு 70 மில்லி கிராமிற்குக் கீழே இருந்தால், அல்லது அளக்கக் கருவி இல்லாவிட்டாலும், 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து, தேறாவிட்டால் மறுமுறையும் கொடுக்க வேண்டும். மட்டிப் பழமும் இட்லியும் இந்த நேரத்திற்கு ஏற்றவை அல்ல. அவை செரித்துக் குளுக்கோஸாவதற்குள் நேரம் கடந்துவிடும். நினைவிழந்தவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108 எண்ணை அழைக்க வேண்டும். தோவாளைக்கு அண்மையில் நாகர்கோவில் ஆசாரிபள்ளத்தில் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது.

தனக்கு நீரிழிவு இருப்பதைக் குழுவில் ஒருவரிடமும் கூறாமல் விளையாடும் இளைஞர்கள் பலர். குழுவில் இடம் போய்விடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். குறைந்தது இருவருக்காவது, தன் பையில் எந்த அறையில் குளுக்கோஸ் உள்ளது என்பது தெரிந்திருக்க வேண்டும். பெற்றோர் இதைக் குழுத் தலைவரிடம் நேரில் கூறிவிடலாம்.